யாரும் விடுபடாதபோது யாரோடு ஒப்பிடுவது?

(சென்னை அடையாறில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2014-ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 39 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. 2019-இல் அந்த எண் 30 ஆகக் குறைந்தது. இந்த இரண்டு எண்களும் எஸ்.ஆர்.எஸ். என்கிற மாதிரிப் பதிவுத் திட்டம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் உள்ளவை. இதே ஐந்தாண்டுகளில்தான் தூய்மை இந்தியா இயக்கம் நடந்தது. 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி, கிராமப்புற இந்தியாவில் இனித் திறந்தவெளியில் யாரும் மலம் கழிப்பதில்லை என்று அரசு அறிவித்தது. இடையில் ஏறத்தாழ பத்துக் கோடிக் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசின் கணக்கு.

மலம் கலந்த நீரும் மண்ணும் வயிற்றுப்போக்கைத் தருகின்றன, வயிற்றுப்போக்கு குழந்தையைக் கொல்கிறது. எனவே கழிப்பறை பெருகினால் குழந்தை மரணம் குறைய வேண்டும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட நியாயம். ஆனால் எவ்வளவு குறைந்தது? அந்த ஒன்பது புள்ளிகளில் இயக்கத்தின் பங்கு எத்தனை? அதைச் சொல்ல, இயக்கமே நடக்காத ஓர் இந்தியா 2019-இல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த இந்தியா எங்கும் இல்லை. அதைக் கணக்கால் உருவாக்கிப் பார்க்கும் முறைக்குத்தான் சிந்தெடிக் கன்ட்ரோல் என்று பெயர். செயற்கை ஒப்பீடு என்று சொல்லலாம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒன்று நடந்துவிட்டபோது அந்த முறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இன்றைய பேச்சு.

முறை பிறந்த விதம்

முதலில் அது நன்றாக வேலை செய்த இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988-இல் 99-ஆவது முன்மொழிவு என்ற சட்டம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சிகரெட் வரி உயர்ந்தது. அந்தப் பணத்தில் புகையிலைக்கு எதிரான பெரிய பிரசாரமும் நடந்தது. சிகரெட் விற்பனை குறைந்தது. ஆனால் அப்போது அமெரிக்கா முழுவதுமே புகைபிடிப்பது குறைந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் தந்த குறைவு எது, தானாக வந்த குறைவு எது?

ஆல்பர்ட்டோ அபாடி, அலெக்சிஸ் டயமண்ட், யென்ஸ் ஹைன்முல்லர் ஆகிய மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிச் செய்தார்கள். கலிபோர்னியாவோடு ஒப்பிட எந்த ஒரு மாநிலமும் சரிவராது. எனவே பல மாநிலங்களைக் கலந்து ஒரு 'செயற்கைக் கலிபோர்னியா'வை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எடை உண்டு. எடை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லா எடைகளையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தக் கலவை உண்மைக் கலிபோர்னியாவை ஒட்டியே நடக்கும்படி எடைகளைக் கணினி தேர்ந்தெடுக்கும். யூட்டாவுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நெவாடாவுக்கு நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, மீதி மொன்டானா, கொலராடோ, கனெக்டிகட் மூன்றுக்கும் என்று எடைகள் வந்தன. மற்ற மாநிலங்களுக்குப் பூஜ்யம். 2000-ஆம் ஆண்டில் உண்மைக் கலிபோர்னியாவில் தலைக்கு விற்ற சிகரெட் பாக்கெட்டுகள் செயற்கைக் கலிபோர்னியாவைவிட 26 குறைவு. அந்த இடைவெளியே சட்டத்தின் விளைவு.

இந்த எடைகளின் இயல்பை மயிலாப்பூரில் காப்பித்தூள் கடை வைத்திருப்பவருக்கு விளக்கவே வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த தூளின் ருசியை அவர் பீபெரி, பிளாண்டேஷன் ஏ, சிக்கரி மூன்றையும் பல விகிதங்களில் கலந்து பிடித்துவிடுவார். ஆனால் தன்னிடமுள்ள எல்லாச் சரக்குகளையும்விடக் கசப்பான ஒரு தூளை எந்த விகிதத்தாலும் அவரால் உண்டாக்க முடியாது. கலவை அதன் சரக்குகளுக்கு நடுவில்தான் விழும். இந்தக் கட்டுப்பாடு பின்னால் நமக்குப் பெரிய தடையாக வரும்.

அந்த ஆய்வில் நம் கேள்விக்கு மிக வேண்டிய ஒரு காரியம் உண்டு. ஒப்பீட்டுக்கு எல்லா மாநிலங்களையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதே காலத்தில் தாங்களும் பெரிய புகையிலைத் தடுப்புத் திட்டம் நடத்திய மாசசூசெட்ஸ், அரிசோனா, ஓரிகன், புளோரிடா ஆகியவற்றை நீக்கினார்கள். சிகரெட் வரியைப் பெரிதாக உயர்த்திய மாநிலங்களையும் நீக்கினார்கள். மிஞ்சியவை 38. மருந்து குடித்தவரை மருந்து குடிக்காதவராக வைத்து ஒப்பிடக் கூடாது என்பதே காரணம். இந்த 38 மாநிலங்களைத் தரக் கலிபோர்னியா போன்ற ஒரு நிலைமை வேண்டும்: ஒரு மாநிலம் செய்தது, மற்றவை செய்யவில்லை.

தூய்மை இந்தியாவில் அப்படி நீக்கத் தொடங்கினால் ஒரு மாநிலமும் மிஞ்சாது.

மயிலாப்பூரை ஒப்பாக வைக்கலாமா?

'எல்லா இடத்திலும் இயக்கம் இருந்தது சரி, ஆனால் எல்லா இடத்திலும் கழிப்பறை கட்டப்படவில்லையே' என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பெரும்பாலான வீடுகளில் 2014-க்கு நெடுங்காலம் முன்பே கழிப்பறை இருந்தது. இயக்கம் இங்கே புதிதாகச் சேர்த்த கழிப்பறை மிகக் குறைவு. அப்படியானால் நம் பகுதியை 'இயக்கம் தொடாத இடம்' என்று வைத்துக்கொண்டு, கழிப்பறைகள் ஏராளமாகக் கட்டப்பட்ட ஒரு வட இந்திய மாவட்டத்தோடு ஒப்பிடலாமா?

கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் இந்த முறையின் மூன்று அடிப்படைகளைத் தொடுகின்றன.

முதல் காரணம், நாமும் தொடப்பட்டவர்கள்தாம். தொலைக்காட்சி விளம்பரம் நம் வீட்டுக்கும் வந்தது. 2015 நவம்பர் 15 முதல் சேவை வரியோடு 0.5 சதவீதம் தூய்மை இந்தியா வரி சேர்ந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை பாண்டி பஜாரின் குளிர்சாதன உணவக பில்லில் அது தனி வரியாக அச்சிடப்பட்டது. 2016 நவம்பருக்குப் பின் வந்த ரூபாய் நோட்டுகளின் பின்பக்கத்தில் இயக்கத்தின் மூக்குக்கண்ணாடிச் சின்னம் இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் கைமாறிய ஒவ்வொரு புது நோட்டும் இயக்கத்தின் விளம்பரத்தைச் சுமந்தது. கழிப்பறை கட்டுவது இயக்கத்தின் ஒரு பாதி. மனத்தை மாற்றுவது மறுபாதி. அந்த மறுபாதியிலிருந்து எவரும் தப்பவில்லை. கைகழுவும் பழக்கம் நம் பகுதியில் ஓரளவு கூடியிருந்தால், அந்த நன்மை நம்மை ஒப்பாக வைக்கும் கணக்கில் மறைந்துபோகும்.

இரண்டாவது காரணம், நமக்கே உரிய ஒரு பேரிடர். ஒப்பீட்டுக்கு எடுக்கும் இடத்தில், ஆய்வுக் காலத்தில், வேறு பெரிய அதிர்ச்சி எதுவும் நேர்ந்திருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மூழ்கின. குடிநீரும் கழிவுநீரும் கலந்தன. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சென்னையின் எந்தச் சுகாதார எண்ணை எடுத்தாலும் அதில் வெள்ளமும் சேர்ந்திருக்கும். இந்தச் சென்னையை ஒப்பாக வைத்தால் வெள்ளத்தின் தீங்கு மறுபக்கத்தில் இயக்கத்தின் நன்மையாக உருமாறிக் கணக்கில் ஏறும்.

மூன்றாவது காரணம்தான் மிகக் கடினமானது. காப்பித்தூள் கலவையின் தடை இங்கே வருகிறது. 2014-இல் உத்தரப் பிரதேசத்தின் சிசு மரண விகிதம் 48. தமிழ்நாட்டில் 20, கேரளத்தில் 12. கேரளத்தில் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஏற்கெனவே கழிப்பறை இருந்ததால் இயக்கம் சேர்த்தது மிகச் சொற்பம். ஆனால் 12-ஐயும் 20-ஐயும் எந்த விகிதத்தில் கலந்தாலும் 20-ஐத் தாண்டாது, 48 கிடைக்காது. உத்தரப் பிரதேசத்தை ஒத்த கலவை வேண்டுமானால் மத்தியப் பிரதேசம், ஒடிசா, அசாம் போன்றவற்றைத்தான் கலக்க வேண்டும். அவை எல்லாமே இயக்கம் ஆழமாக இறங்கிய மாநிலங்கள். ஒத்தவை தொடப்பட்டவை, தொடப்படாதவை ஒத்தவையல்ல. நாடு முழுவதும் நடந்த ஒரு திட்டத்தை நாட்டுக்குள்ளேயே அளக்கும்போது வரும் மையச் சிக்கல் இதுதான். இதைக் கணிதத் தந்திரம் எதுவும் தீர்த்துவைக்காது.

தொடப்பட்டதைத் தொடப்பட்டதோடு ஒப்பிட்டால்

சரி, உத்தரப் பிரதேசத்தை அத்தகைய மாநிலங்களின் கலவையோடு ஒப்பிட்டே பார்ப்போம். என்ன கிடைக்கும்? கிடைப்பது உத்தரப் பிரதேசத்தில் இயக்கம் தந்த நன்மையிலிருந்து கலவை மாநிலங்களில் இயக்கம் தந்த நன்மையைக் கழித்த மீதி. அதாவது இரண்டு நன்மைகளின் வித்தியாசம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. கழிப்பறை வசதி பத்துச் சதவீதப் புள்ளி உயர்ந்தால் சிசு மரண விகிதம் 0.9 புள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தில் வசதி 60 புள்ளியும், கலவையில் 55 புள்ளியும் உயர்ந்தன என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் உத்தரப் பிரதேசத்துக்குக் கிடைத்த நன்மை 5.4. கலவைக்குக் கிடைத்தது 4.95. நாம் காண்பது வெறும் 0.45. எஸ்.ஆர்.எஸ். தன் எண்களை முழு எண்ணாக வெளியிடுகிறது. எனவே ஆயிரத்துக்கு ஐந்து உயிரைக் காத்த ஒரு திட்டம் கணக்கில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். இங்கே முறை 'விளைவு இல்லை' என்று சொன்னால் அதன் பொருள், இந்த மாநிலத்துக்கும் மற்றவற்றுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை என்பது மட்டுமே.

இதிலிருந்து மீள ஒரு வழி, மாவட்டங்களுக்கிடையே உள்ள அளவு வித்தியாசத்தையே பயன்படுத்துவது. எல்லாருக்கும் மருந்து போயிருக்கிறது, ஆனால் ஒரே அளவில் போகவில்லை. கலவையில் 20 புள்ளி உயர்ந்து, ஒரு மாவட்டத்தில் 50 புள்ளி உயர்ந்திருந்தால், அளவில் வித்தியாசம் 30. மரண விகிதத்தில் கண்ட இடைவெளி 2.7 என்றால், புள்ளிக்கு 0.09 என்று சரிவு கிடைக்கிறது. 2024-இல் சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் சுமன் சக்ரவர்த்தியும் மற்ற நால்வரும் வெளியிட்ட ஆய்வு இந்த அளவு வித்தியாசத்தை நம்பியே நின்றது. அது செயற்கை ஒப்பீட்டு ஆய்வன்று. ஆனால் அதே சிக்கலை எதிர்கொண்டது. 35 மாநிலங்கள், 640 மாவட்டங்கள், 2011 முதல் 2020 வரையிலான தரவு. மாவட்டத்தில் கழிப்பறை வசதி பத்துப் புள்ளி உயர்ந்தால் சிசு மரண விகிதம் 0.9 புள்ளி குறைந்தது என்பது அவர்கள் கண்டது. நான் மேலே எடுத்த 0.9 அதுவே. இதை நாடு முழுவதற்கும் விரித்து, ஆண்டுக்கு 60,000 முதல் 70,000 சிசு மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்றார்கள்.

இந்த விரித்தலில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அளவு பூஜ்யமானால் நன்மையும் பூஜ்யம் என்ற நம்பிக்கை அது. தரவில் அதற்குச் சான்று கிடையாது, ஏனென்றால் விளம்பரம் போகாத மாவட்டம் எதுவும் தரவில் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக வந்த நன்மை ஒன்று இருந்தால் அது வித்தியாசத்தில் கழிந்துவிடும். பொதுவாக வந்த தீமையும் அப்படியே. பக்கத்து மாவட்டத்தின் கழிப்பறையால் ஆற்றுநீர் சுத்தமாகி நம் மாவட்டக் குழந்தை பிழைத்தால் அதுவும் கழிந்துவிடும். சரிவு தெரியும், தொடக்கப் புள்ளி தெரியாது.

மருந்தின் அளவையே நாம் சரியாக அறிந்திருக்கிறோமா என்பதும் கேள்வி. 2019 அக்டோபரில் கிராமப்புற இந்தியா முழுவதும் திறந்தவெளிப் பழக்கம் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று பதிவானது. அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் அது 39 சதவீதம். பெரும் முன்னேற்றம்தான், ஆனால் கட்டியது வேறு, பயன்படுத்தியது வேறு. ஆய்வாளர் அரசின் கட்டுமானக் கணக்கை அளவாக எடுத்தால் மருந்தின் அளவு கூடித் தெரியும். ஒரு புள்ளிக்கான நன்மை உண்மையைவிடக் குறைத்துக் காட்டப்படும்.

நாட்டுக்கு வெளியே தேடினால்

முழு நாடும் தொடப்பட்டுவிட்டால் ஒப்பீட்டுக்கு வெளிநாடுகளுக்குப் போகலாம். அதற்கும் முன்மாதிரி உண்டு. 1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்ததால் மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரம் என்ன விலை கொடுத்தது என்று அபாடியும் அவரோடு முன்பு பணியாற்றிய இருவரும் 2015-இல் ஆய்ந்தார்கள். ஒன்றிணைவு நாடு முழுவதற்கும் நடந்தது, எனவே உள்ளே ஒப்பில்லை. வளர்ந்த நாடுகள் 16-இலிருந்து கலவை எடுத்தார்கள். ஆஸ்திரியாவுக்கு 0.42, அமெரிக்காவுக்கு 0.22, ஜப்பானுக்கு 0.16, மீதி சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து இரண்டுக்கும். ஒன்றிணையாத மேற்கு ஜெர்மனியில் தலா வருமானம் 1990 முதல் 2003 வரை சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 டாலர் கூடுதலாக இருந்திருக்கும் என்று வந்தது.

இந்தியாவுக்கு இதையே செய்ய முனைவோம். வங்கதேசத்தில் திறந்தவெளிப் பழக்கம் 2014-க்கு முன்பே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அதன் பெருமாற்றம் முந்தைய பத்தாண்டுகளில் நடந்து முடிந்தது. நேபாளம் தானே ஒரு தூய்மை இயக்கம் நடத்தி 2019-இல் முடிவை அறிவித்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கமும் அதைத் தாக்கியது. இந்தோனேசியா 2008 முதலே சமூகம் சார்ந்த சுகாதாரத் திட்டத்தை நடத்துகிறது. இலங்கையின் சிசு மரணம் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. இந்தியாவைப் பிடிக்கும் கலவையில் அதற்குக் கிடைக்கும் எடை சொற்பமே. கலிபோர்னியா ஆய்வில் செய்ததுபோல் கண்டிப்பாக நீக்கினால் நம் அண்டையில் மிஞ்சுவது சில நாடுகளே.

இன்னொரு பொறி கண்ணுக்கு அழகாகத் தெரியும். பல நாடுகளில் ஆண்டுதோறும் பிறப்பு இறப்பைப் பதிவு செய்யும் அமைப்பு இல்லை. அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பை வைத்து, ஐ.நா. அமைப்புகளின் கூட்டுக் குழு ஒரு வழுவழுப்பான வளைகோட்டைப் பொருத்தி ஆண்டு வாரியான எண்ணைத் தருகிறது. வழுவழுப்பான கோடுகளைக் கலந்து இன்னொரு வழுவழுப்பான கோட்டைப் பிடிப்பது எளிது. 2014-க்கு முன் செயற்கை இந்தியா உண்மை இந்தியாவின்மேல் அச்சடித்ததுபோல் உட்காரும். ஆய்வாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் அந்தப் பொருத்தம் வளைகோட்டின் இயல்பிலிருந்து வந்தது. நாடுகளின் ஒற்றுமையிலிருந்து வந்ததன்று. மேலும் 2016-இல் ஒரு திடீர் மாற்றம் நடந்திருந்தால் அதை வளைகோடு முன்னும் பின்னும் பரப்பிவிடும், விளைவு காரணத்துக்கு முன்னே தொடங்கியதுபோல் தெரியும். முன்காலப் பொருத்தம் தேவைக்கு மிஞ்சி நன்றாக இருந்தால், எண்கள் அளக்கப்பட்டவையா, வரையப்பட்டவையா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரே குழந்தையின் இரண்டு காலங்கள்

உள்ளேயும் ஒப்பில்லை, வெளியேயும் போதவில்லை என்றால் வேறென்ன? இடத்தை விட்டுவிட்டு, இயக்கம் தொட முடியாத ஓர் எண்ணைத் தேடலாம். அது நம் எஸ்.ஆர்.எஸ். அறிக்கையிலேயே இருக்கிறது.

சிசு மரணம் என்பது இரண்டு காலங்களின் கூட்டு. பிறந்த முதல் 28 நாள்களில் நேரும் மரணம் ஒன்று. அதன்பின் ஒரு வயது வரை நேரும் மரணம் மற்றொன்று. முதல் 28 நாள்களில் குழந்தையைக் கொல்பவை பெரும்பாலும் குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறக்கும்போது மூச்சுத்திணறல் போன்றவை. கழிப்பறை அவற்றை அதிகம் தொடாது. அதற்குப் பின் வரும் மாதங்களில்தான் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் முன்னுக்கு வருகின்றன. கழிப்பறையின் கை எட்டுவது அங்கே. எனவே முதல் காலத்தை ஒப்பாக வைத்து இரண்டாம் காலத்தைப் பார்க்கலாம். நாடு ஒன்றே, தாய்மார் அவர்களே, ஆண்டும் ஒன்றே.

எண்களைப் பாருங்கள். 2009-இல் மொத்தச் சிசு மரணம் 50, 2014-இல் 39, 2019-இல் 30. முதல் ஐந்தாண்டில் 22 சதவீதக் குறைவு, இரண்டாம் ஐந்தாண்டில் 23 சதவீதக் குறைவு. ஏறக்குறைய ஒரே வேகம். இதை மட்டும் பார்ப்பவர், பழைய போக்கு அப்படியே தொடர்ந்தது, இயக்கத்தால் எதுவும் கூடவில்லை என்று முடிவு கட்டுவார். ஆனால் மேலே சொன்ன ஆய்வின் 60,000–70,000 என்ற கணக்கை, நாட்டில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடிப் பிறப்புகள் என்று வைத்து வகுத்தால், ஆயிரத்துக்கு 2.4 முதல் 2.8 வரை வருகிறது. அதாவது இயக்கம் இல்லாவிட்டால் 2019-இன் எண் 30 ஆக இல்லாமல் 33-ஐ ஒட்டி நின்றிருக்கும் என்கிறார்கள். ஒருவர் 30 என்கிறார், ஒருவர் 33 என்கிறார். நடக்காத வரலாறுகள் இரண்டு. எதை நம்புவது?

இரண்டு காலங்களையும் பிரியுங்கள். முதல் 28 நாள் மரணம் 2009-இல் 34, 2014-இல் 26, 2019-இல் 22. முதல் ஐந்தாண்டில் எட்டுப் புள்ளி குறைந்தது, இரண்டாம் ஐந்தாண்டில் நான்குதான். சதவீதத்தில் 24, பின்பு 15. வேகம் தெளிவாகத் தளர்ந்திருக்கிறது. மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் 28 நாளுக்குப் பிந்தைய மரணம் கிடைக்கும்: 2009-இல் 16, 2014-இல் 13, 2019-இல் 8. முதல் ஐந்தாண்டில் மூன்று புள்ளி, இரண்டாம் ஐந்தாண்டில் ஐந்து. சதவீதத்தில் 19, பின்பு 38. வேகம் இரண்டு மடங்கு.

மொத்த எண் மறைத்துவைத்தது இதைத்தான். ஒரு பாதி தளர்ந்தது, மறுபாதி விரைந்தது, கூட்டினால் பழைய போக்கு மாறாததுபோல் தெரிந்தது. பிந்தைய மரணமும் முந்தையதைப் போலவே 15 சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் 2019-இல் 11 ஆக இருந்திருக்கும். தன் பழைய வேகத்தில் 19 சதவீதம் குறைந்திருந்தால் பத்தரை. உண்மையில் இருந்தது 8. இடைவெளி இரண்டரை முதல் மூன்று.

மாவட்ட அளவு வித்தியாசத்திலிருந்து வந்த 2.4–2.8-க்கு இது அருகில் இருக்கிறது. இதைக் கண்டு, நிரூபித்துவிட்டோம் என்று எழுந்துவிடக் கூடாது. மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

ஒன்று, இவை முழு எண்ணாக்கிய எண்களின் கழித்தல். 13 என்பது 12 ஆகவோ 14 ஆகவோ இருக்கலாம், 8-உம் அப்படியே. இரண்டரைப் புள்ளி இடைவெளியில் ஒரு புள்ளி ஆட்டம் சிறிதன்று.

இரண்டு, அதே மாதங்களில் அதே நோய்களைத் தாக்கிய வேறு ஆயுதங்களும் வந்தன. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டுக்கும், 2018-இல் உத்தரப் பிரதேசத்துக்கும், 2019-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக வந்தது. 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் இயக்கம் விடுபட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது. விறகுப் புகையைக் குறைக்க 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பைக் கொண்டுவந்தது. ஆகவே அந்த இரண்டரைப் புள்ளியை இவை எல்லாமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று, ஒப்பாக எடுத்த முதல் 28 நாள் மரணமும் முற்றிலும் தனித்து நின்றதன்று. பச்சிளங்குழந்தைகளைக் காக்கத் தனித் தேசியத் திட்டம் ஒன்று 2014 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தூய்மைக் குறைவால் வரும் தொற்றுகளும் அந்த நாள்களில் சில உயிர்களை எடுக்கின்றன.

எப்படிச் சோதிப்பது?

அந்த மூன்று எச்சரிக்கைகளில் இரண்டாவதை ஓரளவு பிரிக்க முடியும், காரணம் மிக எளிது. ரோட்டா வைரஸ் மருந்து எல்லா மாநிலத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2016-இல் மருந்து வந்த ஒடிசாவுக்கு, 2019 வரை காத்திருந்த மாநிலங்களிலிருந்து ஒரு கலவை உண்டாக்கலாம். 2014-க்கும் 2016-க்கும் இடையே, எல்லாருக்கும் பொதுவான தூய்மை இயக்கத்தின் ஓட்டத்தையும் சேர்த்தே அந்தக் கலவை பிடிக்க வேண்டும். அதன்பின் பிரியும் இடைவெளி மருந்தினுடையது. அதைக் கழித்தால் மிச்சத்தில் இயக்கத்தின் பங்கு சற்றுத் தெளிவாகும். காத்திருந்த மாநிலம் இருந்ததால் மருந்தை அளக்க முடிகிறது; காத்திருந்த மாநிலம் இல்லாததால் இயக்கத்தை அளக்க முடியவில்லை.

எந்தக் கலவையை உண்டாக்கினாலும் அதைக் குலுக்கிப் பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, தொடக்க ஆண்டைப் பொய்யாக 2011 என்று வைத்து மீண்டும் ஓட்டுவது. ஒன்றும் நடக்காத அந்த ஆண்டிலும் இடைவெளி திறந்தால் கலவை நம்பத் தகாதது. இரண்டாவது, எடை பெற்ற மாநிலங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது. ஒன்றை நீக்கியதும் விடை தலைகீழானால் நாம் அளந்தது அந்த மாநிலத்தின் கதையைத்தான். மூன்றாவது, தொடப்படாத ஒவ்வோர் இடத்தையும் தொடப்பட்டதாகப் பாவித்து அதே கணக்கைச் செய்வது. கலிபோர்னியா ஆய்வில் 38 மாநிலங்களுக்கும் இப்படிச் செய்தார்கள். சட்டத்துக்குப் பிந்தைய இடைவெளியை முந்தைய பொருத்தப் பிழையால் வகுத்தபோது 39-இல் கலிபோர்னியாவுக்கே பெரிய எண் வந்தது. தற்செயலாக அப்படி வர 39-இல் ஒரு வாய்ப்பு, ஏறத்தாழ 2.6 சதவீதம். தொடப்படாதவர் யாரும் இல்லாத இடத்தில் இந்த மூன்றாவது சோதனையைச் செய்யவே முடியாது. நாடு தழுவிய இயக்கத்தை ஆய்ந்து, மிகத் துல்லியமான நம்பக எல்லையோடு ஒரு கட்டுரை வந்தால், அந்தத் துல்லியம் எந்த ஒப்பீட்டிலிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் ஓர் எண்ணையும் இங்கே வைக்க விரும்புகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கிராமப்புற வீடுகளில் கழிப்பறை இருந்தவை 23.2 சதவீதமே. அதே ஆண்டில் மாநிலத்தின் சிசு மரண விகிதம் 22; நாட்டின் விகிதமோ 44. கழிப்பறையில் பின்தங்கியிருந்தும் குழந்தைகளைக் காத்ததில் முன்னே நின்றோம். இங்கே ஆரம்பச் சுகாதார நிலையமும், கிராமச் சுகாதாரச் செவிலியரும், மருத்துவமனைப் பிரசவமும் முன்பே வேலை செய்திருந்தன. ஒரே அளவு கழிப்பறை எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு உயிரைக் காக்கும் என்று எண்ணுவதும் தவறு என்பதை இது காட்டுகிறது. பீகாருக்குப் பொருந்தும் சரிவைத் தமிழ்நாட்டுக்குப் பொருத்தினால் நம்மிடம் இல்லாத மரணங்களைத் தடுத்ததாகக் கணக்கு வரும்.

என் முடிவைச் சொல்கிறேன். 'தூய்மை இந்தியா எத்தனை உயிரைக் காத்தது' என்ற கேள்விக்குச் செயற்கை ஒப்பீடு விடை தராது. தந்ததாக யாராவது சொன்னால் அவர் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார். கழிப்பறை அதிகம் வந்த இடம், குறைவாக வந்த இடத்தைவிட எவ்வளவு முன்னேறியது என்பதற்கு விடை உண்டு. 28 நாளைக் கடந்த குழந்தைகளின் மரணம் 2014-க்குப் பின் முன்னைவிட விரைந்து குறைந்தது என்பதற்கும் சான்று உண்டு. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. 2019-இல் ஆயிரத்துக்கு இரண்டரை முதல் மூன்று உயிர் என்பதை, கழிப்பறையும் தடுப்பூசியும் எரிவாயுவும் சேர்ந்து ஈட்டியதன் உச்சவரம்பாகக் கொள்வதே என் கணிப்பு. அதில் கழிப்பறையின் தனிப் பங்கு அதற்குக் குறைவாகத்தான் இருக்க முடியும்.

இனி வரும் நாடு தழுவிய இயக்கங்களுக்கு இது ஒரு செயல்முறைப் பாடத்தைத் தருகிறது. எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கப் பணமும் ஆளும் ஒருபோதும் இருப்பதில்லை; எப்படியும் சில மாவட்டங்கள் முந்தும், சில பிந்தும். அந்த வரிசையை யார் செல்வாக்கு மிக்கவர் என்பது தீர்மானிக்காமல் குலுக்கல் தீர்மானிக்கட்டும். தொடங்கிய மாதம் மாவட்ட வாரியாகப் பதிவாகட்டும். கட்டியதோடு பயன்படுத்தியதும் தனியே அளக்கப்படட்டும். எஸ்.ஆர்.எஸ். தன் எண்களை ஒரு தசமத்தோடும் பிழை எல்லையோடும் மாநில வாரியாக, மரண வயதைப் பிரித்து வெளியிடட்டும். யாருடைய பங்கையும் மறுக்காமல், ஆறு மாதமோ ஓராண்டோ பிந்தித் தொடங்கிய மாவட்டங்களே போதும், முன்னே தொடங்கியவற்றுக்கு நேர்மையான ஒப்பாக நிற்க.